தோண்ட மூன்று வாரம், நிரப்ப மூன்று மாதம்: ஓர் ஆஸ்டியானின் கதை

முதலாண்டு ஹிஸ்டாலஜி ஆய்வகத்தில் எலும்பு ஸ்லைடு வரும் நாளில் யாரும் சிரமப்படுவதில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள், நடுவில் ஒரு துளை, வளையங்களின் ஓரமாகக் கருப்புப் புள்ளிகள். வரைவதற்கு எளிது, ஸ்பாட்டரில் தவறவும் வாய்ப்பில்லை. அதனாலேயே பலரும் அதை ஒருமுறை கட்டி முடித்த கட்டடமாக நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்த ஸ்லைடில் இருப்பது வேறு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டி, திரும்பத் திரும்ப நிரப்பியதன் தடயம் அது. அதைப் படிக்கத் தெரிந்தால் எலும்பைத் தோண்டும் ஆஸ்டியோகிளாஸ்ட், நிரப்பும் ஆஸ்டியோபிளாஸ்ட், எலும்புக்குள் புதைந்து வாழும் ஆஸ்டியோசைட் மூன்றின் வேலையும் மனப்பாடம் செய்யாமலே விளங்கும்.

முதலில் நம் கையில் இருப்பது எந்த ஸ்லைடு என்று பார்க்க வேண்டும். எலும்பை அறுத்துத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய சீவலாக்கியது கிரவுண்ட் செக்‌ஷன். அதில் கனிமம் அப்படியே இருக்கும், உயிரணுக்கள் இருக்காது. கருப்பாகத் தெரிவது உயிரணு அல்ல. அது உயிரணு குடியிருந்த லாக்குனா என்ற சிறு குழி, இப்போது காற்று நிறைந்திருப்பதால் கருப்பாகத் தெரிகிறது. அதிலிருந்து மயிரிழைபோல எல்லாப் பக்கமும் ஓடுபவை கேனலிகுலை எனும் நுண்கால்வாய்கள். மற்றொரு வகை, அமிலத்திலோ வேறு கரைசலிலோ ஊறவைத்துக் கால்சியத்தை நீக்கிய பிறகு வெட்டிச் சாயமிட்டது. அதில் உயிரணுக்கள் தெரியும், கனிமம் போயிருக்கும். இரண்டையும் ஒரே ஸ்லைடில் தேடி ஏமாற வேண்டாம்.

கிரவுண்ட் செக்‌ஷனிலேயே நிற்போம். நடுத்துளை ஹேவர்சியன் கால்வாய். ரத்தக் குழாயும் நரம்பும் அதன் வழியே போகின்றன. குறுக்களவு சுமார் 50 மைக்ரான். அதைச் சுற்றிய வளையங்கள் லாமெல்லாக்கள், ஒவ்வொன்றும் 3 முதல் 7 மைக்ரான் தடிமன். அடுத்தடுத்த லாமெல்லாக்களில் கொலாஜன் இழைகள் வெவ்வேறு திசையில் சாய்ந்திருப்பதால்தான் வளையங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. துளையும் வளையங்களும் சேர்ந்தது ஓர் ஆஸ்டியான், குறுக்களவு ஏறத்தாழ 200 மைக்ரான். இதுவரை எல்லாப் பாடநூலிலும் உண்டு.

இனி ஆஸ்டியான்களுக்கு இடையில் உள்ள பகுதியைப் பாருங்கள். அங்கே முழு வட்டங்கள் இல்லை, பிறைத் துண்டுகள்தான் இருக்கும். இன்டர்ஸ்டிஷியல் லாமெல்லா என்று பெயர் எழுதிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அவற்றில் பல, ஒரு காலத்தில் முழு ஆஸ்டியானாக இருந்தவை. பின்னால் வந்த ஓர் ஆஸ்டியான் அதன் மேலேயே தோண்டிக்கொண்டு போனதில் மிஞ்சிய ஓரம்தான் அந்தப் பிறை. எது எதை வெட்டியிருக்கிறது என்று பார்த்தால் எது மூத்தது, எது இளையது என்று சொல்லிவிடலாம். வெட்டுப்பட்டது மூத்தது, வெட்டியது இளையது.

இதற்குச் சான்று ஆஸ்டியானின் வெளிவிளிம்பில் இருக்கிறது. சிமென்ட் கோடு என்ற மெல்லிய எல்லை அது. நுண்கால்வாய்களில் பெரும்பாலானவை அதைத் தாண்டுவதில்லை. உற்றுப் பார்த்தால் அது வழவழப்பாக இல்லாமல் கடித்த பிஸ்கட்டின் ஓரம்போல மேடுபள்ளமாக இருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் தின்றுவிட்டுப் போன இடத்தின் மீது புதிய எலும்பு படிந்ததால் வந்த வடிவம் அது. எலும்பு வளர்வது சற்று நின்று மறுபடி தொடர்ந்த இடங்களிலும் கோடு விழும், ஆனால் அது வழவழப்பாக இருக்கும். மேடுபள்ளம் என்றால் அங்கே தோண்டல் நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

மர வளையத்தோடு ஒப்பிடும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். மரத்தில் புது வளையம் வெளிப்பக்கம் சேரும். ஆஸ்டியானில் தலைகீழ். தோண்டிய சுரங்கத்தின் சுவரில் முதலில் படிந்தது வெளிவளையம், கடைசியாகப் படிந்தது கால்வாயை ஒட்டிய உள்வளையம். ஆஸ்டியானின் இளமையான பகுதி அதன் நடுவில்தான் இருக்கிறது.

சுரங்கத்தை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகும். முன்முனையில் கூம்பு வடிவில் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் குடைந்துகொண்டு போகின்றன. அவற்றின் பின்னால் ஒரு ரத்தக் குழாய் வளர்ந்துகொண்டே வருகிறது. அதற்கும் பின்னால் சுவரெங்கும் ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் அடுக்கடுக்காக எலும்பைப் பூசிச் சுரங்கத்தைச் சுருக்குகின்றன. இந்த மொத்தக் குழுவையும் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஹரால்டு ஃபிராஸ்ட் ஒரே அலகாகப் பார்க்கச் சொன்னார். அடிப்படைப் பல்லணு அலகு என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆஸ்டியோகிளாஸ்ட் தனியாக, ஆஸ்டியோபிளாஸ்ட் தனியாக என்று படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்முனை நாளொன்றுக்குச் சுமார் 40 மைக்ரான் முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோண்டிய சுரங்கத்தின் ஆரம் 100 மைக்ரான். கடைசியில் மிஞ்சும் கால்வாயின் ஆரம் 25. நிரப்ப வேண்டிய சுவர் 75 மைக்ரான். ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் படிவிக்கும் வேகம் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு குறுக்குவெட்டு நிரம்பி முடிய ஏறத்தாழ 90 நாள். அந்த 90 நாளும் முன்முனை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். 90 நாளில் 40 மைக்ரான் வீதம் 3.6 மில்லிமீட்டர். தோண்டும் முனையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

அதாவது தோண்டும் பகுதியைப்போல பத்து மடங்குக்கு மேல் நீளமானது நிரப்பும் வால். அதனால்தான் ஸ்லைடில் ஆஸ்டியோகிளாஸ்ட்டைத் தேடித் தேடிக் கண் வலிக்கிறது. அது அரிய உயிரணு என்பதை விட, வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் போய்விடும் உயிரணு என்பதே பொருத்தம். நம் ஊர்த் தெருவில் குழாய் பதிக்க ஒரே நாளில் தோண்டிவிட்டு மூட மாதக்கணக்கில் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பிலும் அதே நிலைதான். இந்த நேர வித்தியாசத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும் நோயாளிக்கு இதுதான் விளக்கம்.

ஆஸ்டியோகிளாஸ்ட் எங்கிருந்து வருகிறது என்பதில் மாணவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஆஸ்டியோபிளாஸ்ட்டின் உறவு என்று நினைக்கிறார்கள். அது ரத்த உயிரணுக்களின் வழியில், மோனோசைட் குடும்பத்தில் பிறந்தது. முன்னோடி உயிரணுக்கள் பல ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரு பெரிய உயிரணு ஆகின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட்டோ எலும்பு மஜ்ஜையின் மெசென்கைமல் வழியில் வந்தது.

எலும்பைக் கரைக்க இரண்டு வேலை தேவை. ஒன்று கனிமத்தைக் கரைப்பது, மற்றது கொலாஜனை வெட்டுவது. ஆஸ்டியோகிளாஸ்ட் முதலில் எலும்பின் மேற்பரப்பில் வட்டமாக இறுக ஒட்டிக்கொண்டு அடியில் ஒரு மூடிய அறையை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அறையைப் பார்த்த அதன் சவ்வு மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். உயிரணுவுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி கார்பன் டைஆக்சைடையும் நீரையும் சேர்த்து ஹைட்ரஜன் அயனி தயாரிக்கிறது. மடிப்புச் சவ்வில் உள்ள பம்புகள் அதை வெளியே தள்ள, குளோரைடு அயனிகள் பின்தொடர்கின்றன. விளைவு ஹைட்ரோகுளோரிக் அமிலம். அறையின் பிஹெச் சுமார் 4.5 வரை இறங்கிக் கனிமம் கரைந்துவிடும். வெளியே தெரியும் கொலாஜனை கேத்தெப்சின் கே என்ற நொதி வெட்டுகிறது. இந்தச் சங்கிலியில் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் இரண்டாம் வகை பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு எலும்பு கல்போல அடர்த்தியாகிவிடும். ஆனாலும் எளிதில் முறியும். தோண்டுவது நின்றால் எலும்பு பலப்படாது, பழையது மாறாமல் தேங்கிவிடும்.

தோண்டி முடிந்ததும் உடனே நிரப்பல் தொடங்குவதில்லை. இடையில் சில வாரங்கள் ரிவர்சல் கட்டம் என்று போகும். பள்ளத்தில் மிஞ்சிய கொலாஜன் எச்சம் துப்புரவாகி, ஆஸ்டியோபிளாஸ்ட் முன்னோடிகள் வந்து சேரும் நேரம் அது. ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளும் முதலில் எலும்பைப் போடுவதில்லை. பெரும்பாலும் முதல் வகை கொலாஜனால் ஆன ஆஸ்டியாய்டு என்ற மென்மையான படலத்தைத்தான் போடுகின்றன. சுமார் பத்துப் பதினைந்து நாள் கழித்தே அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படியத் தொடங்கும். வைட்டமின் டி குறைந்து கனிமம் படியாமல் போனால் இந்த ஆஸ்டியாய்டு தடித்துக்கொண்டே போகும். பெரியவர்களுக்கு ஆஸ்டியோமலேசியா என்று சொல்வது அதைத்தான்.

நாளுக்கு ஒரு மைக்ரான் என்று உயிருள்ள மனிதரிடம் எப்படி அளந்தார்கள்? டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அப்போது கனிமமாகிக்கொண்டிருக்கும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளியில் மஞ்சளாக மின்னும். சில நாள் கொடுத்து, இடைவெளி விட்டு, மறுபடி கொடுத்து, பிறகு இடுப்பெலும்பில் பயாப்ஸி எடுப்பார்கள். இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். கோடுகளுக்கு இடையே 10 மைக்ரான், மருந்துகளுக்கு இடையே 12 நாள் என்றால் நாளுக்கு 0.83 மைக்ரான். கோடே விழவில்லை என்றால் அங்கே கனிமம் படியவில்லை. இரண்டும் கலங்கி ஒன்றாகத் தெரிந்தால் கனிமமாதலில் கோளாறு இருக்கலாம்.

வேலை முடிந்த ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளில் பெரும்பகுதி இறந்துவிடும். சில தட்டையாகி எலும்பின் மேற்பரப்பைப் போர்த்திக்கொள்ளும். ஒரு சிறு பகுதி தான் போட்ட எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட் ஆகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் எலும்பு உயிரணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவைதான். ஆஸ்டியோகிளாஸ்ட்டின் ஆயுள் வாரக்கணக்கு, ஆஸ்டியோபிளாஸ்ட்டினது மாதக்கணக்கு. ஆஸ்டியோசைட்டோ பல ஆண்டுகள் வாழும்.

புதைந்துபோன உயிரணு என்பதால் நெடுங்காலம் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. என் மாணவப் பருவத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான், எலும்பைப் பராமரிக்கும் உயிரணு என்று. இப்போது பார்வை மாறிவிட்டது. தோண்டு என்று சொல்வதும் நிரப்பு என்று சொல்வதும் பெருமளவு இதுதான். ஒவ்வொரு ஆஸ்டியோசைட்டும் நுண்கால்வாய்கள் வழியே நீண்ட கிளைகளால் அண்டை உயிரணுக்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாம் நடக்கும்போது எலும்பு மிகமிகச் சிறிதளவு வளைகிறது, அப்போது நுண்கால்வாய்த் திரவம் நகர்கிறது. அந்த நகர்வை ஆஸ்டியோசைட் உணர்கிறது. சுமை குறைந்தால் அது ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளை ஊக்குவிக்கும் விண்ட் சமிக்ஞையை அது தடுக்கிறது. சுமை கூடினால் ஸ்கிளிரோஸ்டின் குறைந்து எலும்பு சேரும். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் பிறவியிலேயே ஸ்கிளிரோஸ்டின் இல்லாதவர்கள் உண்டு. அவர்கள் எலும்பு தடித்து, மண்டை ஓட்டின் துளைகளில் நரம்பு நசுங்கி முகவாதமும் காது கேளாமையும் வரும். ஆனால் எலும்பு முறிவது அரிது.

தோண்டச் சொல்வது எப்படி? நுண்ணிய விரிசல் ஒன்று ஆஸ்டியோசைட்டுகளின் கிளைகளை அறுக்கிறது. அறுபட்டவை மடிகின்றன. சுற்றியுள்ளவை ராங்க்-எல் என்ற புரதத்தைக் கூடுதலாக வெளியிடுகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் முன்னோடிகளின் மேல் இருக்கும் ராங்க் என்ற ஏற்பியில் அது போய் அமர்ந்தால்தான் அவை இணைந்து முழு ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகும். அதைத் தடுக்க ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற மற்றொரு புரதம் உண்டு. இதுவும் ஆஸ்டியோபிளாஸ்ட் வழியில் வந்த உயிரணுக்களிடமிருந்து வருவதுதான். ராங்க்-எல் தன் ஏற்பியைச் சேருமுன் இது அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டின் விகிதம்தான் எவ்வளவு தோண்டல் நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைக்கிறது என்றதும் அதன் ஏற்பி ஆஸ்டியோகிளாஸ்ட்டில் இருக்கும் என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அது ஆஸ்டியோபிளாஸ்ட்டிலும் ஆஸ்டியோசைட்டிலும் இருக்கிறது. அவை ராங்க்-எல் மூலமாகத்தான் ஆஸ்டியோகிளாஸ்ட்டுக்குச் செய்தி அனுப்புகின்றன.

முள்ளெலும்பின் உட்பகுதிக்கு வருவோம். அங்கே இருப்பது பஞ்சு எலும்பு. ட்ராபெக்குலா எனும் மெல்லிய தூண்களும் தகடுகளும், நடுவில் மஜ்ஜை. சுரங்கம் போட இடமில்லாததால் மேற்பரப்பிலேயே பள்ளம் விழும். ஆழம் சுமார் 50 மைக்ரான். தோண்ட ஏறத்தாழ மூன்று வாரம், நிரப்ப மூன்று மாதத்துக்கு மேல். மஜ்ஜையை ஒட்டிய பரப்பு மிகுதி என்பதால் பஞ்சு எலும்பு ஆண்டுக்குச் சுமார் நான்கில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. கெட்டி எலும்பில் இது இரண்டு மூன்று சதவீதம்தான்.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் அதிகமாக உருவாகின்றன, நீண்ட நாள் உயிர்வாழ்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் முழுதாக நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் தொடங்கும் பள்ளங்கள் இரட்டித்தால், சில மாதங்களில் திறந்து கிடக்கும் பள்ளங்களும் இரட்டித்துவிடும். நிரப்ப நேரமாகிறது என்பதே காரணம். இந்தப் பகுதி இழப்பு மீளக்கூடியது. மீளாதது வேறு. ட்ராபெக்குலாவின் தடிமன் நூற்றைம்பது மைக்ரான் அளவுதான். இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் விழுந்து நடுவில் முறிந்துவிட்டால், ஆஸ்டியோபிளாஸ்ட்டுக்கு நின்று வேலை செய்ய மேற்பரப்பே இல்லை. வெற்றிடத்தில் அதனால் தூண் கட்ட முடியாது.

இப்போது ஒரு நோயாளியை எண்ணிக்கொள்ளுங்கள். வயது 67. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.9. ராங்க்-எல்லைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியான டெனோசுமாப், 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசியாகப் போடப்படுகிறது. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் செய்யும் வேலையைத்தான் இந்த மருந்து செய்கிறது. முதலாண்டிலேயே ஸ்கேன் எண் கணிசமாக முன்னேறுகிறது. மருந்து புதிதாக எலும்பு கட்டியதால் அல்ல. தோண்டல் நின்றது, ஏற்கெனவே திறந்திருந்த பள்ளங்களை ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் நிரப்பி முடித்தன. நான்கு ஆண்டில் எட்டு ஊசி, டி-ஸ்கோர் மைனஸ் 2.1. எட்டாவது ஊசி ஜனவரியில். ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று ஜூலை ஊசியை அவர் விட்டுவிடுகிறார்.

நவம்பரில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் சட்டென்று வலி. எக்ஸ்ரேயில் பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பும் முதலாம், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புகளும் நசுங்கியிருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று என்றதும் முதலில் மைலோமாவையும் புற்றுப் பரவலையும் நினைத்துப் பரிசோதிக்க வேண்டும், அவை இல்லை. வைட்டமின் டி போதுமான அளவு இருக்கிறது. கொலாஜன் சிதைவைக் காட்டும் சிடிஎக்ஸ் ரத்தப் பரிசோதனை மட்டும், சிகிச்சை தொடங்குமுன் இருந்ததை விடப் பலமடங்கு ஏறியிருக்கிறது.

ஆன்டிபாடி எலும்புக்குள் போவதில்லை, ரத்தத்திலேயே இருந்து ஆறேழு மாதத்தில் மறைந்துவிடும். மருந்து இருந்த காலமெல்லாம் முன்னோடி உயிரணுக்கள் ராங்க்-எல் இன்றிக் காத்துக் கிடந்தன. எலிகளில் இன்னொன்றும் தெரிய வந்திருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் இறக்காமல் சிறு துண்டுகளாகப் பிரிந்து, பின்னர் மீண்டும் ஒன்றுசேரக்கூடும். 2021-இல் விவரிக்கப்பட்ட இவற்றுக்கு ஆஸ்டியோமார்ஃப் என்று பெயர். தடை நீங்கியதும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் தோண்டல் தொடங்குகிறது. மூன்று வாரத்தில் பள்ளங்கள் தயார். நிரப்ப வேண்டிய ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் எப்போதும்போல நாளுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகத்தான் போடும். அந்த இடைவெளியில்தான் குடம் தூக்கப்பட்டது. தொடை எலும்பின் கெட்டிப் புறணியைவிடப் பஞ்சு எலும்பு மிகுந்த முள்ளெலும்புகள் முதலில் நசுங்கியதும் மேற்பரப்புக் கணக்கினால்தான்.

அலெண்ட்ரோனேட், ஸொலெட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட்டுகளை நிறுத்தினால் இப்படித் திடீரென்று ஆவதில்லை. அவை எலும்பின் கனிமத்திலேயே ஒட்டிப் பல ஆண்டு தங்கும். தோண்ட வரும் ஆஸ்டியோகிளாஸ்ட் அவற்றையும் சேர்த்து விழுங்கிச் செயலிழக்கும். அதனால் டெனோசுமாப்பை நிறுத்தத்தான் வேண்டும் என்றால், கடைசி ஊசிக்கு ஆறு மாதம் கழித்து, அடுத்த ஊசி போட வேண்டிய சமயத்தில், பிஸ்பாஸ்போனேட்டுக்கு மாற்றிவிட்டு, சிடிஎக்ஸ் ஏறுகிறதா என்று சில மாதங்கள் பார்த்துக்கொண்டே இருப்பது வழக்கம். இந்த நோயாளிக்கும் இப்போது தோண்டலை மறுபடி தடுக்கும் மருந்து தொடங்க வேண்டும். திறந்து கிடக்கும் பள்ளங்கள் சில மாதங்களில் நிரம்பும், வலியும் குறையும். நசுங்கிய மூன்று முள்ளெலும்புகளின் உயரமும், முறிந்துபோன ட்ராபெக்குலாக்களும் திரும்ப வரமாட்டா.